தாள் எந்த ஓரத்தில் புரளும்?

தேர்வு நெருங்கும் வாரங்களில் கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. “அண்ணா, பின்பக்கம் எல்லாமே தலைகீழா வந்திருக்கு.” “பேக் டு பேக்தானேம்மா கேட்ட? மிஷின் சரியாத்தான் அடிச்சிருக்கு.” இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஸ்பைரல் போட்டுக் கைக்கு வந்த நோட்ஸில் 1, 3, 5 என ஒற்றைப்படைப் பக்கங்கள் நேராக இருக்கின்றன. தாளைப் புரட்டினால் 2, 4, 6 எல்லாம் கவிழ்ந்து கிடக்கின்றன. அச்சுப்பொறியில் எந்தக் கோளாறும் இல்லை. அச்சிடும்போது திரையில் வந்த ஒரு கேள்விக்கு, யாரும் பதில் சொல்லாததால், கணினி தன் வழக்கமான பதிலைத் தானே போட்டுக்கொண்டது. அவ்வளவுதான் நடந்தது.

அந்தக் கேள்வி “Flip on long edge”, “Flip on short edge” என்று இரண்டு தெரிவுகளாகத் திரையில் இருக்கும். ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. 297 மி.மீ. ஓரம் லாங் எட்ஜ், 210 மி.மீ. ஓரம் ஷார்ட் எட்ஜ். தாளை எந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டு புரட்டப்போகிறீர்கள் என்பதுதான் கேள்வி. ஏறக்குறைய எல்லாக் கணினிகளிலும் வழக்கமான பதில் லாங் எட்ஜ். கடிதம், விண்ணப்பம், அறிக்கை என்று உலகத்தில் அச்சாகும் தாள்களில் பெரும்பாலானவை நெட்டுக்குத்தாக நிற்பவை. அவற்றின் இடதுபுறம் நீளமான ஓரம் இருக்கும், புத்தகம் போலப் புரட்டலாம், சிக்கல் வராது. அதே தாளைப் படுக்கப்போட்டு லேண்ட்ஸ்கேப்பாக்கினால் இடதுபுறம் இருப்பது குட்டை ஓரம். நீள ஓரம் மேலேயும் கீழேயும் போய்விடுகிறது. கணினி மட்டும் பழைய பதிலையே சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஆகவே லேண்ட்ஸ்கேப் என்றால் ஷார்ட் எட்ஜ் என்று மனப்பாடம் செய்துகொள்கிறவர்கள் உண்டு. பாதி நேரம் அது சரியாகவும் வரும். மீதிப் பாதியில் கைவிடும். ஏன் என்று தெரிய, ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

தாளைப் படுக்கை வாக்கில் மேசையில் வைத்து, மேல் ஓரத்தை ஒட்டி ‘தலை’ என்று எழுதுங்கள். இனி தாளின் இடது ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டு, வலது ஓரத்தைத் தூக்கிப் புத்தகம் போல இடப்பக்கம் புரட்டுங்கள். பின்பக்கத்தில் மேலே தெரியும் ஓரத்தில் மறுபடி ‘தலை’ என்று எழுதுங்கள். இப்போது வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் இரண்டு தலைகளும் ஒரே ஓரத்தில் முதுகோடு முதுகாக இருக்கும். இன்னொரு தாளில் மேல் ஓரத்தை அழுத்திக்கொண்டு கீழ் ஓரத்தைத் தூக்கி மேற்பக்கமாகப் புரட்டி, அதேபோல எழுதிப் பாருங்கள். இந்தத் தாளில் முன்பக்கத்துத் தலையின் முதுகில் பின்பக்கத்துக் கால் இருக்கும்.

எல்லாக் குழப்பத்துக்கும் அடியில் இருப்பது இந்த இரண்டே அமைப்புகள்தாம்: தலைக்குத் தலை, தலைக்குக் கால். பக்கவாட்டில் புரளும் எதுவாக இருந்தாலும், நின்ற தாளோ படுத்த தாளோ, தலைக்குத் தலையாக இருக்க வேண்டும். மேலும் கீழுமாக விரித்துப் படிக்கும் எதுவாக இருந்தாலும் தலைக்குக் கால். நின்ற தாளில் தலைக்குத் தலையைத் தருவது லாங் எட்ஜ். படுத்த தாளில் அதைத் தருவது ஷார்ட் எட்ஜ். வாசகருக்கு வேண்டியது மாறவே இல்லை, தாள் திரும்பிப் படுத்ததால் ஓரத்தின் பெயர் மட்டும் மாறிவிட்டது.

மேல்புறம் புரட்டும் முறையை விளக்க “காலண்டர் மாதிரி” என்று சொல்வது வழக்கம். நம் ஊருக்கு அந்த உதாரணம் அவ்வளவாகப் பொருந்தாது. மேலே தகரப்பட்டை அடித்து, 6 தாளில் முன்னும் பின்னுமாக 12 மாதம் அச்சிட்ட காலண்டரில், முடிந்த மாதத்தின் தாளைப் பின்னால் தள்ளிவிடுகிறோம், அல்லது காலண்டரையே ஆணியில் திருப்பி மாட்டுகிறோம். அதன் இரு பக்கங்களிலும் தலை தகரப்பட்டையிடம்தான் இருக்கிறது. அதாவது தலைக்குத் தலை. மேசைமேல் கூடாரம் போல நிற்கும் காலண்டரும் அப்படியே. தலைக்குக் கால் வேண்டியிருப்பது, தலைப்பில் கம்பி போட்ட குறிப்பேட்டைப் போல, தாளை மேலே தூக்கிப் போட்டுவிட்டு அதன் பின்பக்கத்தையும் அடுத்த தாளையும் ஒன்றன் கீழ் ஒன்றாக மேசைமேல் விரித்துப் படிக்கும்போது மட்டும்தான்.

இந்தத் தெரிவை மாற்றினால் இயந்திரத்துக்குள் தாள் வேறு விதமாகப் புரள்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தாள் எப்போதும் ஒரே மாதிரிதான் புரள்கிறது. வீட்டிலும் சிறு அலுவலகங்களிலும் இருக்கும் லேசர் அச்சுப்பொறியைக் கவனித்தால் இது கண்ணுக்கே தெரியும். குட்டை ஓரம் முன்னால் வர, தாள் உள்ளே நுழைகிறது. ஒரு பக்கம் அச்சானதும் முக்கால்வாசி வெளியே எட்டிப் பார்த்துவிட்டு நிற்கிறது. உருளைகள் எதிர்த்திசையில் சுற்ற, அதன் வால்பகுதி முன்னால் போக, திரும்ப உள்ளே இழுக்கப்படுகிறது. முதல் முறை கடைசியாகப் போன ஓரம் இரண்டாம் முறை முதலில் போவதால், தாள் இயல்பாகவே குட்டை ஓரத்தில் கவிழ்ந்துவிடுகிறது. இயந்திரத்தை அதன் போக்கில் விட்டால் நின்ற தாளின் பின்பக்கம் தலைக்குக் காலாகத்தான் வரும். லாங் எட்ஜ் என்று கேட்கப்பட்டிருந்தால், பின்பக்கத்துக்கான படத்தை மட்டும் மென்பொருள் 180 பாகை சுழற்றி அனுப்புகிறது. தாள் சுழல்வதில்லை, படம்தான் சுழல்கிறது. ஏ3 வரை அச்சடிக்கும் பெரிய ஜெராக்ஸ் இயந்திரங்கள் ஏ4 தாளைப் பெரும்பாலும் நீள ஓரம் முன்னால் போகும்படி இழுத்துக்கொள்ளும். அங்கே சுழற்றும் கணக்கு எதிர்மாறாக இருக்கும். அந்தக் கணக்கை இயந்திரமே பார்த்துக்கொள்வதால் தட்டில் தாள் எந்தப் பக்கமாக அடுக்கியிருக்கிறது என்று கவலைப்பட வேண்டியதில்லை.

இதிலிருந்து ஒரு வசதி கிடைக்கிறது. 180 பாகை சுழற்றுவது, சுழற்றாமல் விடுவது என்று இருப்பதே இரண்டு நிலைகள்தாம். ஒன்று தவறாக வந்தால் மற்றது சரி. மூன்றாவது வாய்ப்பு கிடையாது. அதனால் ஒரே ஒரு தாளைச் செலவழித்துச் சோதித்துவிடலாம். அச்சிடும் பெட்டியில் பக்க எண்ணுக்கான இடத்தில் `1-2` என்று கொடுத்து ஒரு தாள் மட்டும் எடுக்க வேண்டும். கம்பி வரப்போகும் ஓரத்தை மேசைமேல் அழுத்திக்கொண்டு எதிர் ஓரத்தைத் தூக்கிப் புரட்ட வேண்டும். எழுத்து நேராக இருந்தால் முழுக்கோப்பையும் அனுப்பலாம். கவிழ்ந்திருந்தால் மற்றத் தெரிவுக்கு மாற்றிக்கொண்டு அனுப்பலாம். சோதனையையும் முழு அச்சையும் ஒரே கணினியில், ஒரே மென்பொருளில் எடுப்பது முக்கியம். வீட்டு இன்க்ஜெட்டில் பார்த்துவிட்டுக் கடையில் போய் அதே சொல்லைச் சொன்னால் அதே விளைவு வரும் என்பதற்கு உறுதி கிடையாது.

கம்பி எங்கே வரப்போகிறது என்பதுதான் உண்மையில் முதலில் முடிவாக வேண்டிய விஷயம். பலர் அதைக் கடைசியில், தாள்கள் அச்சாகிச் சூடாகக் கையில் வந்த பிறகு யோசிக்கிறார்கள்.

பேராசிரியர் அனுப்பிய 60 ஸ்லைடுகள் கொண்ட ஒரு பிடிஎஃப்பை எடுத்துக்கொள்வோம். பக்கத்துக்கு ஒரு ஸ்லைடு, இருபுறமும் அச்சு, ஆக 30 தாள். பவர்பாயின்ட் 2013 பதிப்பிலிருந்து ஸ்லைடின் இயல்பான வடிவம் 16:9 என்ற அகலத்திரை விகிதம், அளவு 13.33 அங்குலத்துக்கு 7.5 அங்குலம், அதாவது சுமார் 339 மி.மீ. அகலம், 190 மி.மீ. உயரம். பிடிஎஃப்பாகச் சேமித்தாலும் பக்கம் அந்த அளவில்தான் இருக்கும். ஏ4 தாளைவிட இது அகலமானது. அச்சிடும் பெட்டியில் “Fit” என்றிருந்தால், தாளின் அகலத்துக்குள் அடங்கும்வரை மென்பொருள் அதைச் சுருக்குகிறது. 297 மி.மீ. அகலம் முழுவதையும் பிடித்துக்கொண்டால் அதன் உயரம் சுமார் 167 மி.மீ. ஆகிறது. தாளின் உயரம் 210 என்பதால் மேலே ஏறக்குறைய 21, கீழே 21 மி.மீ. காலியாகக் கிடக்கும். இடமும் வலமும் அச்சுப்பொறியால் எட்ட முடியாத சில மில்லிமீட்டர் ஓரத்தைத் தவிர எதுவும் மிஞ்சாது.

இந்தத் தாள்களை இடதுபுறம் துளையிட்டு ஸ்பைரல் போட்டால் என்ன ஆகும்? புத்தகம் போலப் புரட்டலாம், ஷார்ட் எட்ஜ் சரியாகவே வேலை செய்திருக்கும், பின்பக்கங்களும் நேராக இருக்கும். ஆனால் துளைகள் ஸ்லைடின் மேலேயே விழும். முன்பக்கத்தில் ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும், பின்பக்கத்தில் வலது ஓரத்து எழுத்தும் பறிபோகும் ஆபத்து உண்டு. ஓரத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தும் நோட்ஸ் கெட்டுப்போகும் இடம் இது. பக்கவாட்டுக் கம்பிதான் வேண்டும் என்கிறவர்கள் “Fit”டை விட்டுவிட்டு “Custom Scale” என்ற இடத்தில் 80 விழுக்காடு கொடுக்கலாம். 339 மி.மீ. அகலம் 271 ஆகச் சுருங்கி, இருபுறமும் 13 மி.மீ. அளவுக்கு இடம் விடும். துளைக்கு அது போதும். எழுத்து சற்றுச் சிறிதாகும்.

16:9 ஸ்லைடுகளுக்கு மேல் ஓரத்தில் கம்பி போடுவதே மேல் என்று சொல்லத் தோன்றுகிறது. காலியிடம் இருப்பதே அங்கேதான். அப்படிச் செய்தால் புரளும் ஓரம் நீள ஓரம். கணினியின் வழக்கமான லாங் எட்ஜ் அப்படியே பொருந்தும், எதையும் மாற்ற வேண்டாம், சுருக்கவும் வேண்டாம். மேசையில் விரித்தால் இரண்டு ஸ்லைடுகள் மேலும் கீழுமாக, மடிக்கணினியின் திரையும் விசைப்பலகையும் போல அமரும். பழக்கம் என்ற ஒன்று குறுக்கே நிற்பதால் மாணவர்கள் இதை அவ்வளவாக விரும்புவதில்லை. பழைய 4:3 ஸ்லைடுகளுக்கு இந்த வாதம் செல்லாது. அவை தாளின் உயரம் முழுவதையும் பிடித்துக்கொண்டு 280 மி.மீ. அகலத்தில் நிற்கும்; காலியிடம் பக்கவாட்டில்தான், அதுவும் பக்கத்துக்கு 8 மி.மீ. சொச்சம்.

முதலில் பார்த்த மாணவியின் கையில் இருக்கும் 30 தாள்களுக்கும் இதில் விடிவு உண்டு. லாங் எட்ஜில் அச்சான லேண்ட்ஸ்கேப் தாள்கள் தலைக்குக் காலாக இருப்பவை. ஸ்பைரல் போடும் முன் கவனித்துவிட்டால், மறுபடி அச்சடிக்காமல் கம்பியை மேல் ஓரத்துக்கு மாற்றிவிட்டாலே போதும். கவனிக்க வேண்டியது ஒன்று: இரட்டைப்படைப் பக்கங்களில் துளை விழுவது பக்கத்தின் காலில். ஸ்லைடு எண்ணோ அடிக்குறிப்போ தாளின் விளிம்பை ஒட்டி இருந்தால் அதன் மேல் துளை விழும்.

அலுவலகங்களில் வேறொரு காரணத்தால் லாங் எட்ஜ் சரியாகிவிடுகிறது. வரவு செலவு அட்டவணைகள் பெரும்பாலும் எக்செல்லிலிருந்து லேண்ட்ஸ்கேப்பாகவே வரும். ஆனால் அவை போய்ச் சேரும் கோப்பு, நின்ற தாள்களுக்கான கோப்பு. இரண்டு துளை பஞ்சிங் இயந்திரத்தால் நீள ஓரத்தில் துளையிட்டு, மற்றக் கடிதங்களோடு சேர்த்துக் கோக்கிறார்கள். அட்டவணையைப் படிக்கக் கோப்பைத் திருப்பிக்கொண்டால் துளைகள் இருப்பது அதன் தலைப்பில். புரளும் ஓரம் நீள ஓரம். லேண்ட்ஸ்கேப் என்றாலே ஷார்ட் எட்ஜ் என்று மனப்பாடம் செய்த எழுத்தர் இங்கேதான் சறுக்குவார்.

ஆய்வேடுகளில் இந்தச் சிக்கல் இன்னும் கொஞ்சம் முறுக்கிக்கொள்கிறது. 200 பக்கம் நின்ற தாள், நடுவில் நான்கைந்து பக்கம் மட்டும் படுத்த அட்டவணை என்றிருக்கும். அட்டவணைக்காக ஷார்ட் எட்ஜுக்கு மாற்ற வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். தைப்பு இடதுபுற நீள ஓரத்தில் வருவதால் முழுதும் லாங் எட்ஜ்தான். அச்சாகும்போது படுத்த பக்கம் 90 பாகை திரும்பி, அதன் தலை தாளின் இடது ஓரத்தில் போய் நிற்கும். அதே தாளின் பின்பக்கமும் அட்டவணையாக இருந்தால், அதன் தலையும் அந்தப் பக்கத்தின் இடது ஓரத்தில் நிற்கும். நூலை ஒருமுறை வலப்பக்கமாகத் திருப்பிக்கொண்டால் இரண்டையும் வரிசையாகப் படித்துவிடலாம். ஷார்ட் எட்ஜுக்கு மாற்றினால் அட்டவணை மட்டுமல்ல, நின்ற பக்கங்களும் சேர்ந்து கவிழும்.

இங்கே கோளாறு கோப்பிலேயே இருப்பதும் உண்டு. திரையில் படுத்தாற்போலத் தெரியும் பிடிஎஃப் பக்கம் இரண்டு விதமாக உருவாகியிருக்கலாம். ஒன்று, பிறவியிலேயே அகலமான பக்கம். மற்றது, நின்ற பக்கமாகப் பிறந்து, பார்க்கும்போது 90 பாகை திருப்பிக் காட்டு என்ற குறிப்பைச் சுமந்துகொண்டிருக்கும் பக்கம். செல்பேசியில் ஸ்கேன் செய்து சேர்த்த கோப்புகளில் சில பக்கங்கள் வலப்பக்கமாகவும் சில இடப்பக்கமாகவும் திருப்பப்பட்டிருக்கும். கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தாலும், அச்சில் சில தாள்கள் மட்டும் கவிழ்ந்து வரக்கூடும். இரண்டு கோளாறுகளையும் பிரித்தறிவது எளிது. எல்லாத் தாள்களின் பின்பக்கமும் தலைகீழ் என்றால் ஓரத் தெரிவு தவறு. 30 தாளில் இரண்டு மட்டும் தலைகீழ் என்றால் தெரிவு சரி, கோப்பில் பக்கங்கள் கலந்திருக்கின்றன. அந்த இரண்டு தாள்களுக்குரிய பக்கங்களை மட்டும் எதிர்த் தெரிவில் தனியாக எடுத்து இடையில் செருகிவிடுவதே கடையில் செய்யக்கூடிய விரைவான மாற்று.

ஒரு தாளில் இரண்டு பக்கங்களை அடக்கும்போதும் கணக்கு மாறும். அதே 60 ஸ்லைடுகளைத் தாள் பக்கத்துக்கு இரண்டாக, ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்தால் தாள் நின்றுவிடுகிறது. 15 தாளில் முடியும், தெரிவு லாங் எட்ஜ். எதிர்மாறாக, நின்ற பக்கங்கள் கொண்ட கதைப்புத்தகத்தைப் பக்கத்துக்கு இரண்டாக அருகருகே வைத்தால் தாள் படுத்துவிடுகிறது. நடுவில் மடித்துப் பின் அடிக்கும் விழா மலர், ஏ5 சிற்றிதழ் எல்லாம் இந்த வகை. மடிப்பு குட்டை ஓரத்துக்கு இணையாக ஓடுவதால் ஷார்ட் எட்ஜ்தான் வேண்டும். உள்ளே இருக்கும் பக்கங்கள் போர்ட்ரெய்ட்டாகத் தெரிவதை நம்பி லாங் எட்ஜில் விட்டுவிட்டு, மடித்த பிறகு ஒவ்வொரு தாளின் மறுபக்கமும் கவிழ்ந்து கிடப்பதைப் பார்ப்பவர்கள் ஏராளம். பார்க்க வேண்டியது தாள் எப்படிப் படுத்திருக்கிறது என்பதை. எழுத்து எப்படி நிற்கிறது என்பதையல்ல.

எல்லா அச்சுப்பொறிகளும் ஓரத்தைத்தான் கேட்கும் என்றும் இல்லை. ஹெச்பியின் சில இயக்கி மென்பொருள்களில் “Print on both sides” என்பதற்குக் கீழே “Flip pages up” என்ற சிறு கட்டம் இருக்கும். தாளைக் கையால் எப்படிப் புரட்டுவீர்கள் என்று நேரடியாகக் கேட்பதால் இது கொஞ்சம் மனிதத்தன்மையான கேள்வி. மேலே புரட்டுவதென்றால் கட்டத்தைத் தொட வேண்டும், பக்கவாட்டில் என்றால் விட்டுவிட வேண்டும். அதே பெட்டியில் பக்கத்தின் திசை லேண்ட்ஸ்கேப் என்று சரியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். அக்ரோபேட்டில் ஒரு தெரிவும், “Properties” பொத்தானுக்குப் பின்னால் இயக்கி மென்பொருளில் இன்னொரு தெரிவுமாக இரண்டு இடங்களில் ஒரே கேள்வி இருப்பதும் உண்டு. இரண்டும் முரண்பட்டால் எது வெல்லும் என்பது பொறிக்குப் பொறி மாறும். இரண்டையும் ஒன்றுபோல வைத்துவிடுவது நிம்மதி.

கோப்பைத் தயாரிப்பவர் நினைத்தால் பதிலைக் கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கலாம். அக்ரோபேட் ப்ரோவில் கோப்பின் “Properties” திறந்து, “Advanced” பிரிவில் “DuplexMode” என்ற இடத்தில் “Duplex Flip Short Edge” என்று குறித்துச் சேமித்தால், அச்சிடும் பெட்டி திறக்கும்போது அந்தத் தெரிவே முன்வந்து நிற்க வேண்டும். இந்தக் குறிப்பை மதிக்காத மென்பொருள்களும் இருக்கின்றன. கோப்பைக் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களுக்கு, அதன் கீழேயே “லேண்ட்ஸ்கேப், பேக் டு பேக், ஸ்பைரல் இடது பக்கம், ஷார்ட் எட்ஜ், முதலில் ஒரு தாள் எடுத்துப் பார்க்கவும்” என்று ஒரு வரி தட்டிவிடுவது இன்னும் உறுதியான வழி. அந்த வரியில் ஸ்பைரல் எந்தப் பக்கம் என்பது மட்டும் இருந்தால்கூட, விவரம் தெரிந்த கடைக்காரர் மீதியைத் தானே கணக்குப் போட்டுக்கொள்வார்.